பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு மீதிப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கணக்கு ஃபைல்களைத் தினமும் இரவு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்க, தெரிந்த ஒரு பையன் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். கூடவே README என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் கீழே உள்ள வரியும், ‘இரவு 10:30க்கு ஓடும்’ என்பதும்தான் இருக்கின்றன. மீதி 100 வெள்ளி கேட்கிறான். கொடுக்கலாமா?

```
robocopy D:\Kadai E:\Backup /MIR
```

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். அந்த வரி வேலை செய்யும், ஆனால் அதில் உள்ள ஆபத்தை README உங்களுக்குச் சொல்லவில்லை.

`/MIR` என்றால் வெளி டிஸ்க்கான E-யில் உள்ள நகலைக் கணினியின் D மாதிரியே ஆக்கிவிடு என்று பொருள். D-யில் புதிதாக வந்தது E-க்குப் போகும். D-யில் இல்லாமல் போனது E-யிலும் அழிக்கப்படும். திங்கள்கிழமை மாலை கடைப் பையன் தெரியாமல் கடன் கணக்கு எக்ஸெல் ஃபைலை அழித்துவிட்டான் என்று வையுங்கள். அன்று இரவு 10:30க்கு ஸ்கிரிப்ட் ஓடி, நகலையும் அழித்துவிடும். புதன்கிழமை யாராவது பாக்கி கொடுக்க வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும். அப்போது இரண்டு இடத்திலும் ஃபைல் இருக்காது.

இதற்கு `/MIR`-ஐ எடுக்க வேண்டியதில்லை. கிழமைக்கு ஒரு ஃபோல்டர் வைக்கச் சொல்லுங்கள், பவர்ஷெல்லில் இரண்டே வரிதான்:

```
$day = (Get-Date).DayOfWeek
robocopy D:\Kadai "E:\Backup\$day" /MIR /R:1 /W:5 /LOG:"E:\Backup\$day.txt"
```

இப்போது அதே திங்கள்கிழமை அழிந்த ஃபைல், Sunday ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அடுத்த ஞாயிறு இரவு 10:30 வரை உங்களுக்கு அவகாசம். ஏழு நகல் என்பதால் டிஸ்க்கில் ஏழு மடங்கு இடம் வேண்டும். பில், எக்ஸெல் மாதிரி ஃபைல்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

`/R:1 /W:5` எதற்கு என்றும் எழுதச் சொல்லுங்கள். பில்லிங் புரோகிராம் திறந்தே கிடந்தால், அதன் ஃபைலை நகலெடுக்க முடியாமல் போகலாம். எண்ணிக்கை சொல்லாவிட்டால், நகலெடுக்கும் கட்டளையான robocopy அந்த ஒரு ஃபைலுக்காக 30 வினாடிக்கு ஒரு முறை, பத்து லட்சம் தடவை முயலும். அதாவது உங்கள் பழைய வரி ஒரே ஃபைலில் மாட்டிக்கொண்டு விடியும்வரை நிற்கலாம். புதிய வரி ஒரு தடவை மறுபடி முயன்றுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். விட்டுப்போன ஃபைலுக்கு அன்று நகல் கிடையாது என்பதால், ‘கடை மூடும்போது பில்லிங்கை மூடுங்கள், கணினியை அணைக்காதீர்கள்’ என்பதுதான் README-யின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

அடுத்து, நேற்று நகல் எடுத்ததா என்று நீங்களே பார்க்கும் வழி. காலையில் E-யில் Backup ஃபோல்டரைத் திறங்கள். நேற்றைய கிழமை பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதன் தேதி நேற்று இரவாக இருக்க வேண்டும். பழைய தேதி என்றாலோ, E-யில் அந்த ஃபோல்டரே இல்லை என்றாலோ நகல் எடுக்கப்படவில்லை. பெரும்பாலும் கணினி அணைந்திருக்கும், அல்லது வேறு தம்ப் டிரைவ் செருகியதால் டிஸ்க்கின் எழுத்து E-யிலிருந்து F ஆக மாறியிருக்கும். தேதி சரி என்றால், ஃபைலின் கடைசியில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதில் Files வரிசையில் FAILED-க்குக் கீழே 0 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் முக்கியமானது, ஃபைல் தொலைந்தால் என்ன செய்வது. பதற்றத்தில் யாரும் படிப்பது இந்தப் பகுதியைத்தான், அதனால் பெரிய எழுத்தில் தமிழிலேயே இருக்கட்டும்: முதலில் டிஸ்க்கைக் கழற்றுங்கள், அடுத்த ஓட்டம் எதையும் மாற்றிவிடக் கூடாது. வேறு கணினியில் செருகி, தொலைவதற்கு முந்தைய கிழமையின் ஃபோல்டரைத் திறங்கள். ஃபைலை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து அங்கே திறந்து பாருங்கள், டிஸ்க்கில் வைத்துத் திறந்து திருத்தாதீர்கள்.

ஒரு குறை இதிலும் உண்டு. டிஸ்க் எப்போதும் கணினியிலேயே இருப்பதால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் ஏழு ஃபோல்டரும் சேர்ந்தே போகும். எட்டு நாள் கழித்துத் தெரியவரும் தவறுக்கும் இது உதவாது. வரி அலுவலகம் கணக்குகளை ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது, எனவே மாதக் கடைசியில் இரண்டாவது டிஸ்க்கில் அந்த மாதப் பெயரில் ஒரு நகல் போட்டு வீட்டில் வையுங்கள். இதையும் README-யில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பையன் திருத்திக் கொண்டுவந்ததும், கடையிலேயே உட்கார்ந்து ஒரு வேண்டாத ஃபைலை D:\Kadai-யில் போடுங்கள். அன்றிரவு ஸ்கிரிப்ட் ஓடட்டும். மறுநாள் D-யிலிருந்து அதை அழித்துவிட்டு, அவன் வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்க, அந்தப் பக்கத்தை மட்டும் படித்து நீங்களே மீட்டுப் பாருங்கள். எந்த வரியில் நின்று அவனைக் கேட்க வேண்டி வருகிறதோ, அந்த வரியைத் திருத்தியபின் 100 வெள்ளியைக் கொடுங்கள்.