பல்புவரை டேட்டாவைக் கொண்டுவருவது யார்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, விளக்கொளி வழியாக டேட்டாவை அனுப்பும் லை-ஃபை பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

யீஷூன் வாசகர்: உலகத்திலேயே வேகமானது ஒளிதான். அதனால்தானே லை-ஃபை, வைஃபையைவிட 100 மடங்கு வேகம் என்கிறார்கள்? நொடிக்கு 224 கிகாபிட் என்று வாட்ஸ்அப்பிலும் வந்ததே?

இல்லை. ரேடியோ அலையும் ஒளியும் காற்றில் ஒரே வேகத்தில்தான் போகின்றன, நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். விளக்கின் பிரகாசத்தை ஒரு நொடிக்குள் எத்தனை தடவை கூட்டிக் குறைக்க முடிகிறது, மறுமுனை அதைப் பிழையில்லாமல் படிக்கிறதா என்பதை வைத்துத்தான் டேட்டா வேகம் அமைகிறது. நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்த 224 கிகாபிட், ஆய்வகத்தில் மெல்லிய கதிரைக் குறிபார்த்து அனுப்பிப் பெற்ற எண். வீட்டுப் பல்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வந்ததை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள்.

பொங்கோல் வாசகர்: புது வீவக வீட்டில் ரினோவேஷன் நடக்கிறது. எல்லா அறையிலும் லை-ஃபை பல்பு மாட்டிவிட்டால் ரவுட்டரும் வேண்டாம், கேபிளும் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். மாட்டலாமா?

மாட்டாதீர்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் அதே கேள்வி திரும்ப வருகிறது. அதனால் இந்தத் தடவை விரிவாகவே சொல்கிறேன்.

பல்பு இணையத்தை உண்டாக்குவதில்லை. கூரையிலிருந்து உங்கள் கைவரைக்குமான கடைசி இரண்டு மீட்டரை மட்டும் அது பார்த்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் டேட்டா பல்புவரை வந்து சேர வேண்டும். உங்கள் வீட்டுக்குள் ஃபைபர் வந்து நிற்கும் பெட்டி சுவரில் இருக்கிறது, மோடமும் அதன் பக்கத்தில். கூரையில் விளக்கு மாட்டும் இடத்துக்கோ மின்சாரக் கம்பிகள் மட்டுமே போகின்றன. பெட்டியிலிருந்து கூரைக்கு டேட்டா எப்படிப் போகும்? இதற்குப் பதில் சொல்லாமல் யார் லை-ஃபை விற்றாலும் வாங்காதீர்கள்.

பதில் இரண்டுதான் உண்டு. ஒன்று, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நெட்வொர்க் கேபிள் இழுப்பது. அந்தக் கேபிள் வழியாகவே விளக்குக்கு மின்சாரமும் கொடுக்கலாம். அலுவலகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இன்னொன்று, இருக்கும் மின்கம்பி மேலேயே டேட்டாவை ஏற்றுவது. அந்தக் கம்பியில் மின்விசிறி, சார்ஜர், மலிவான எல்இடி டிரைவர் எல்லாம் போடும் இரைச்சலும் சேர்ந்து ஓடும். யாராவது சுவிட்சை அணைத்தால் இணைப்பும் அதோடு போகும். ஒளி சுவரைத் தாண்டாது என்பதால் ஒவ்வோர் அறைக்கும் தனி விளக்கு வேண்டும், பெரிய அறைக்கு ஒன்று போதாமலும் போகலாம். கேபிளே வேண்டாம் என்று சொல்லி விற்கிற பொருளுக்கு, வைஃபையைவிட அதிகக் கேபிள் தேவைப்படுகிறது.

சாதாரண வெள்ளை எல்இடியைப் பார்ப்போம். உள்ளே இருப்பது நீல நிறச் சில்லு, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலம் உடனே கூடும், உடனே குறையும். பாஸ்பரோ மெதுவாகத்தான் மங்கும். அதனால் வெள்ளை ஒளி முழுவதையும் படித்தால் சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போக முடியாது. ரிசீவருக்கு முன்னால் நீல வடிகட்டி வைத்து மஞ்சளை ஒதுக்கினால் பத்து, இருபது மெகாஹெர்ட்ஸ்வரை எட்டலாம். இது போதாதென்று, பல்புக்குள் இருக்கும் டிரைவர் சுற்றில் மின்னோட்டத்தைச் சமன் செய்ய ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. வேகமான ஏற்ற இறக்கத்தை அழிப்பதுதான் அதன் வேலையே. டேட்டாவை ஏற்றும் சுற்றை அதற்குப் பின்னால், எல்இடிக்கு ஒட்டினாற்போல் அமைக்க வேண்டும். கடைப் பல்பில் அது கிடையாது.

திரும்பிவரும் வழியும் வேண்டும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்க, "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று கைபேசி முதலில் கேட்டாக வேண்டும். அதைக் கூரைக்கு அனுப்ப, டேட்டாவை வேகமாக அனுப்பும் அகச்சிவப்பு டிரான்ஸ்மிட்டர் தேவை. உங்கள் கைபேசியில் அது இல்லை. யூஎஸ்பியில் செருகும் தனிக் கருவி வாங்க வேண்டியிருக்கும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இருக்கிற சின்ன சென்சார், இந்த வேகத்துக்குப் படிக்காது.

கடைக்காரர் காட்டியது என்ன என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பல்பை அமைக்கும்போது உங்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டால் அது லை-ஃபை அல்ல. வைஃபையில் இயங்கும் நிறம் மாறும் பல்பு. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பல்புவரை டேட்டாவைக் கொண்டுவருவது யார் என்று கேளுங்கள். கூரை திறந்திருக்கும் இப்போதே ஒவ்வோர் அறைக் கூரைக்கும் ஒரு கேட்-6 கேபிளை இழுத்துவிடச் சொல்லுங்கள். இன்றைக்கு அதில் வைஃபை ஆக்ஸஸ் பாயிண்ட் மாட்டலாம். பிறகு லை-ஃபை வந்தால் அதற்கும் அந்தக் கேபிளே உதவும்.

பிடோக் வாசகர்: ராத்திரி விளக்கை எரியவிட்டுத் தூங்க முடியாதே?

எரியவிட வேண்டியதில்லை. 2023-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு ஏற்றுக்கொண்ட லை-ஃபை தரநிலை, 800 முதல் 1,000 நானோமீட்டர் அகச்சிவப்பில் இயங்குகிறது. கண்ணுக்கு அது தெரியாது. விளக்குச் சட்டத்துக்குள்ளேயே அந்த எல்இடியையும் வைக்கிறார்கள்.

தஞ்சோங் பகார் வாசகர்: எங்கள் சந்திப்பறையில் சோதனைக்காக லை-ஃபை போட்டிருக்கிறார்கள். மேசையில் நன்றாக ஓடுகிறது. சுவரோர நாற்காலிக்குப் போனால் வேகம் விழுந்துவிடுகிறது. அங்கேயும் வெளிச்சம் அப்படியேதானே இருக்கிறது?

இதில் கண்ணை நம்பக்கூடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரை உயரம் 2.6 மீட்டர், மேசை 0.75 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விளக்குக்கு நேர் கீழே இடைவெளி 1.85 மீட்டர். அதே உயரத்தில், அதே 1.85 மீட்டர் பக்கவாட்டில் நகருங்கள். இப்போது விளக்கு 45 பாகைச் சாய்வில், ஏறத்தாழ 2.6 மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் 1.4 மடங்கு கூடியதால் ஒளி பாதியாகிறது. விளக்கு சாய்வாக விடுவது நேர்கீழே விடுவதில் 0.7 பங்குதான். மேலே பார்த்துக்கொண்டிருக்கும் ரிசீவரும் சாய்வாக விழுவதில் 0.7 பங்கைத்தான் வாங்கும். இரண்டும் சேர்ந்து இன்னொரு பாதி. ஆக, வந்து சேர்வது கால் பங்கு.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ரிசீவருக்குள் இருக்கும் போட்டோடையோடு ஒளிக்கு ஏற்ற மின்னோட்டத்தைத் தருகிறது. சிக்னலின் மின்திறன் அந்த மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். ஒளி கால் பங்கானால் சிக்னல் திறன் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 12 டெசிபல் இறக்கம். இரைச்சலோ அப்படியே இருக்கிறது. தோராயமாக 3 டெசிபலுக்கு ஒரு பிட் என்று கணக்கிடலாம். மேசையில் ஒரு தடவைக்கு 6 பிட் சுமந்த இணைப்பு நாற்காலியில் 2 பிட்தான் சுமக்கும். வேகம் மூன்றில் ஒன்று.

உங்கள் கண் இதைக் காணாததற்குக் காரணம், மற்ற விளக்குகளும் சுவர்களின் பிரதிபலிப்பும் அந்த மூலையை நிரப்பிவிடுகின்றன, கண்ணும் பழகிக்கொள்கிறது. அந்த வெளிச்சத்தில் உங்கள் டேட்டா இல்லை. லக்ஸ் எண்ணை வைத்து வேகத்தைக் கணிக்காதீர்கள். கருவியை விளக்கை நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். வேகம் கூடினால் கோணமும் ஒரு காரணம் என்று தெரிந்துவிடும். சாய்த்தும் போதவில்லை என்றால் அந்தப் பக்கம் இன்னொரு விளக்கு வேண்டும். அதற்கும் ஒரு கேபிள்.

கிளமெண்டி பாலிடெக்னிக் மாணவர்: எங்கள் புராஜெக்டில் எல்இடி–போட்டோடையோடு இணைப்பு காலையில் வேலை செய்கிறது, மதியம் செய்வதில்லை. என்ன தவறு?

எந்த டையோடு, எவ்வளவு தூரம், என்ன ஆம்ப்ளிஃபையர் என்று ஒன்றையும் எழுதவில்லை. அடுத்த முறை சுற்றுப்படத்தோடு எழுதுங்கள். சன்னலோர மேசை என்று ஊகித்துச் சொல்கிறேன்.

நம் ஊர் உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸை நெருங்கும். மேசையில் உங்கள் விளக்கு தருவது 300 இருக்கலாம். வெயிலில் டேட்டா இல்லாவிட்டாலும் அது டையோடில் பெரிய நிலையான மின்னோட்டத்தை ஓட்டுகிறது. முதல் நிலை ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மின்வழங்கல் அழுத்தத்தை ஒட்டி நகராமல் நின்றால் அது நிரம்பிவிட்டது. கையால் சென்சாருக்கு நிழல் கொடுத்ததும் இறங்கினால் சந்தேகமே இல்லை. பின்னால் ஒரு கெப்பாசிட்டர் போட்டு நிலையான பகுதியை வெட்டிவிடலாம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். முன்னாலேயே நிரம்பிவிட்ட பிறகு வெட்டிப் பயனில்லை. ஃபீட்பேக் ரெசிஸ்டரைக் குறையுங்கள், டையோடுக்கு முன்னால் உங்கள் எல்இடி நிறத்துக்கான வடிகட்டியும் கறுப்புக் குழாயும் வையுங்கள். அதற்குப் பிறகும் இரைச்சல் மிஞ்சும், ஏனெனில் ஒளி கூடக்கூட அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இரைச்சலும் கூடும். நேர் வெயிலில் இந்த இணைப்பு நிற்காது. மேசையை மாற்றுங்கள்.

தோ பாயோ வாசகர்: டேட்டா விளக்கு இமைப்பதால் தலைவலி வருமா?

டேட்டாவுக்கான மாற்றம் நொடிக்கு லட்சக்கணக்கில் நடக்கிறது. கண் அதைப் பிடிக்காது. நொடிக்கு 200 தடவைக்கு மேல் போனாலே கண்ணுக்குப் பாதுகாப்பு என்பது ஒளித் தொடர்புக்கான முந்தைய ஐஇஇஇ தரநிலை சொல்லும் எல்லை. தலைவலி தருபவை டேட்டாவே இல்லாத மலிவு எல்இடிகள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவை நொடிக்கு 100 தடவை இமைக்கின்றன. கைபேசியின் ஸ்லோ மோஷனில் படம் பிடித்தால் தெரியும்.

தாதியாகப் பணிபுரியும் வாசகர்: எம்ஆர்ஐ அறையில் வைஃபை வைக்க விடுவதில்லை. லை-ஃபை வைக்கலாமா?

இது நல்ல கேள்வி. 1.5 டெஸ்லா இயந்திரம் 64 மெகாஹெர்ட்ஸ் அருகே மிக மெல்லிய ரேடியோ சிக்னலைக் கேட்கிறது. அதற்காகவே அறையைச் சுற்றி உலோகக் கவசம் கட்டுகிறார்கள். ஒளி அந்தச் சிக்னலைக் கெடுக்காது. ஆனால் விளக்கை இயக்கும் சுற்று மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அது ரேடியோவைக் கசியவிடலாம். டேட்டாவை ஃபைபரில் உள்ளே கொண்டுவர வேண்டும். சுற்றைக் கவசத்துக்கு வெளியே வைக்க வேண்டும், அல்லது தனியாகக் கவசமிட வேண்டும். காந்தம் இழுக்கும் பாகம் ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. இயந்திரம் தயாரித்தவர்களின் ஒப்புதல் இல்லாமல் எதையும் மாட்ட விடாதீர்கள்.

புலாவ் உபின் அருகே மீன்பண்ணை நடத்துபவர்: கூண்டுக்குள் இருக்கும் கேமராவிலிருந்து நீருக்கடியில் லை-ஃபை மூலம் படம் அனுப்ப முடியுமா?

கடல்நீரில் வைஃபை சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும், அதனால் ஒளியைத் தேடுவது சரியே. தெளிந்த ஆழ்கடலில் நீல ஒளி பல பத்து மீட்டர் போகும். ஜோகூர் நீரிணையின் கலங்கலில் அது சிதறிவிடும். பச்சை கொஞ்சம் மேல், அதுவும் சில மீட்டருக்குத்தான். லென்ஸில் பாசி படிந்தால் அதுவும் போகும். உங்கள் கூண்டு நகர்வதில்லை, ஆழமும் பத்து மீட்டருக்குள். கடல்நீர் தாங்கும் கேபிளே போதும், இணைப்பு முனைகளைத் தண்ணீருக்கு மேலே வையுங்கள்.