முதலில் நேரம், கடைசியில் சாமான்

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீடு. மாதம் ஒன்றிரண்டு முறைதான் திறப்போம். போன மாதம் போனபோது மூன்றாங்கட்டுக் கதவு உடைந்து, பெட்டிகள் கலைந்து கிடந்தன. அப்பத்தா அழ, எனக்குக் கை நடுங்க, புகார் எழுத உட்கார்ந்து தாளைத் தாளைக் கிழித்தேன். கடைசியில் கொடுத்ததில் தேதியே தப்பு. இப்படியான நேரத்தில் எதை முதலில் செய்வது, எந்த வரிசையில் எழுதுவது?

பதில்: முதல் வேலை வெளியே வருவது. உள்ளே ஆள் இருக்கலாம். இல்லாவிட்டாலும் நீங்கள் தொட்ட இடத்தில் கைரேகை கலைந்துவிடும். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து 112-ஐ அழையுங்கள். போலீஸ் வரும்வரை கிடைக்கிற நேரம்தான் நீங்கள் நிதானத்துக்கு வர வேண்டிய நேரம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துச் சில நிமிடம் இருங்கள்; படபடப்பு இறங்கும். முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். புகார் தாமதமானால் ஏன் என்ற கேள்வி பிறகு நீதிமன்றத்தில் வரும்.

அந்தத் திண்ணையிலேயே ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள்: கடைசியாக எல்லாம் சரியாக இருந்ததை யார், எப்போது பார்த்தார், உடைந்திருப்பதை யார், எப்போது முதலில் பார்த்தார். திருட்டு எப்போது நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் போலீஸ் தேடப் போகிறது. கடைகளின் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால், முனை தவறினால் தேடல் வேறு நாளில் போய் நின்றுவிடும்.

அதிர்ந்த மனத்தை நம்பித் தேதி எழுதக் கூடாது. கைப்பேசியில் அழைப்புப் பட்டியல், புகைப்படங்களின் நேரம், பஸ் டிக்கெட் எல்லாம் இருக்கின்றன; அவற்றைப் பார்த்து எழுதுங்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். போன முறை பூட்டியது 5ஆம் தேதி வெள்ளி மாலை என்று நினைவு. அன்று ஊருக்குத் திரும்பிய டிக்கெட்டும் அதையே காட்டுகிறது. உடைந்ததைக் கண்டது 19ஆம் தேதி காலை 9.40, 112-க்குப் போன அழைப்பு 9.46. இடையில் இரண்டு வாரம். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிபவை. ஆகவே பின் தெருக்காரரையும் கேட்க வேண்டும். 14ஆம் தேதி தண்ணீர் லாரி வந்தபோது கதவு சாத்தித்தான் இருந்தது என்கிறார் அவர். இரண்டு வாரம் ஐந்து நாளாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அதை நீங்கள் பார்த்ததுபோல எழுதிவிடாதீர்கள். ‘பின் தெருவில் இருப்பவர் சொன்னார்’ என்றே எழுதுங்கள்.

எல்லோரும் கூடிப் பேசி ஒரே கதையாக்குவதும் வேண்டாம். அப்பத்தா பார்த்ததை அப்பத்தா சொல்லட்டும். நாலு பேர் சேர்ந்து பேசினால், பார்க்காததும் பார்த்ததாக நினைவில் ஏறிக்கொள்ளும். சந்தேகமும் அப்படித்தான். ‘தாழ்ப்பாள் பெயர்ந்து தரையில் கிடந்தது’ என்பது கண்டது. ‘வேலை பார்த்தவன்தான் எடுத்திருப்பான்’ என்பது கோபம். காரணம் இருந்தால் காரணத்தோடு, சந்தேகம் என்று பெயரிட்டுத் தனியாக எழுதலாம்.

சாமான் கடைசி. நம்மவர்கள் இதைத்தான் முதலில் எழுதுவார்கள், வலிப்பது அதுதான் என்பதால். போலீஸ் பார்த்து முடித்த பிறகு, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அறை அறையாகப் போங்கள். கல்யாணத்தில் எழுதிய சாமான் பட்டியல் பத்திரமாக இருந்தால் அதுவே பெரிய துணை. ‘வெள்ளிச் சாமான்கள்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, அடியில் எங்கள் குடும்ப விலாசம் வெட்டியிருக்கும், ஒன்றின் தண்டில் நசுக்கு’ என்றால், பழைய சாமான் கடையில் கண்டாலும் உங்களுடையது என்று சொல்ல முடியும். ஒரு பொருளை எழுதுமுன் பங்காளிகளிடம் கேளுங்கள். காணாமல் போனதாக எழுதிய அண்டா சித்தப்பா வீட்டில் இருந்தால், மீதிப் பட்டியலையும் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

பட்டியல் முடியவில்லையே என்று புகாரை நிறுத்தாதீர்கள். ‘இப்போதைக்குத் தெரிந்தவை இவை, மற்றவற்றைச் சரிபார்த்துத் தெரிவிக்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். முதல் புகாரில் எல்லா விவரமும் இருக்க வேண்டியதில்லை. விட்டதைப் பிறகு விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலமாகச் சொல்லலாம். உங்கள் தேதிப் பிழைக்கும் இதுதான் வழி: கொடுத்த புகாரைத் திருத்த முடியாது, சரியான தேதியையும் அதற்கான டிக்கெட்டையும் எழுத்துமூலம் உடனே கொடுங்கள்.

எழுதக் கை வரவில்லை என்றால் வாயால் சொல்லலாம். நிலையத்தில் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துக்கு முன் அந்த இரண்டு தேதிகளை மட்டும் திண்ணைத் தாளோடு ஒப்பிடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.