ஓட்டி 50%னு போட்டா எவ்ளோ வரணும்? சிங்கப்பூர் சம்பளக் கணக்கு, கேள்வி பதில்

ஜூரோங் தம்பி: அண்ணே, பேஸிக் 800 வெள்ளி, போன மாசம் 60 மணி நேரம் ஓட்டி, அதாவது ஓவர்டைம். பேஸ்லிப்ல "ஓட்டி 50%"னு போட்டு 125.87 குடுத்திருக்காங்க. கேட்டா ஒன்றரை மடங்குன்னா 50% எக்ஸ்ட்ரா, அதான் குடுத்தாச்சேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. சரியா?

சரியில்ல தம்பி. 377.62 வந்திருக்கணும், உனக்கு 251.75 குறையுது.

மொதல்ல ஒரு மணிக்கு எவ்ளோன்னு பாத்துக்க. இங்க மாசச் சம்பளத்த 12ஆல பெருக்கி வருஷச் சம்பளம் ஆக்கணும், அத 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்னு வகுக்கணும். 9600 வகுத்தல் 2288, கிட்டத்தட்ட 4.20 வெள்ளி. ஒன்றரை மடங்கு 6.29. அத 60 மணிக்குப் போட்டா 377.62. நடுவுல ரவுண்ட் பண்ணாம கடைசில மட்டும் பண்ணு, இல்லேன்னா சில காசு மாறும்.

இப்ப கம்பெனி எங்க இடறுச்சுன்னு பாரு. 4.20ல பாதி 2.10, அத 60ஆல பெருக்குனா 125.87. அதாவது எக்ஸ்ட்ராவ மட்டும் குடுத்துட்டு, அந்த 60 மணிக்கு உண்டான அடிப்படைக் கூலியக் குடுக்கவே இல்ல. உன் 800 வெள்ளி வாரம் 44 மணி நேரத்துக்கு மட்டுந்தான், அதுக்கு மேல செஞ்ச 60 மணி அதுக்குள்ள வராது. 50% எக்ஸ்ட்ராங்கறது பொய் இல்ல, ஆனா எதுக்கு மேல எக்ஸ்ட்ரா? அந்த மணிக்கான கூலிக்கு மேல. அந்தக் கூலி சீட்டுல வேற எந்த வரியிலயும் இல்லேன்னா 100ம் 50ம் சேத்து 150% அந்த ஒரே வரில வந்தாகணும். குறையுற 251.75 எவ்ளோன்னு பாரு, 60 மணியோட வெறும் பேஸிக் அப்படியே.

நான் டைம்கீப்பரா இருந்த ஒரு கம்பெனிலயும் இதே தப்பு நடந்துச்சு. யாரும் திருடல, சாப்ட்வேர்ல "எக்ஸ்ட்ரா சதவீதம்"னு இருந்த கட்டத்துல 50 அடிச்சாங்க, அந்த சாப்ட்வேர் அத மொத்த ரேட்டுன்னு எடுத்துக்கிச்சு. மூணு மாசம் கழிச்சு ஒரு வெல்டர்தான் போன்ல கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாரு, ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல.

உட்லண்ட்ஸ், வெல்டர்: எப்டிண்ணே போன்லயே கண்டுபிடிக்கறது? எனக்கு சீட்டப் பாத்தா ஒண்ணும் புரியாது.

ரெண்டே நம்பர் போதும். சீட்டுல ஓட்டி எத்தன மணி நேரம், ஓட்டிக்கு எவ்ளோ காசுன்னு ரெண்டும் இருக்கணும், 2016 ஏப்ரல்லேர்ந்து அது கட்டாயம். காச மணியால வகு, வர்றத உன் ஒரு மணி ரேட்டால திரும்ப வகு. 1.5 வந்தா சரி. 0.5 வந்தா மேல தம்பிக்கு நடந்தது. 1 வந்தா சாதாக் கூலிதான் குடுத்திருக்கான். ஓட்டி மணியே போடாம வெறும் காசு மட்டும் இருந்தா மொதல்ல அதக் கேளு, அது இல்லாம எதையும் சரி பாக்க முடியாது. நாள் கூலிக்காரங்களுக்கு இன்னும் லேசு, ஒரு நாள் பேஸிக்க அன்னிக்கு வேல செய்ற மணியால வகுத்தா ரேட் கெடச்சுரும்.

ஆபீஸ்ல சம்பளம் போடுற பொண்ணு: சார் நான் எக்செல்ல ஓட்டி ரேட் கட்டத்துல 1.5 அடிச்சா 2%னு காட்டுது, போன மாசம் எல்லாருக்கும் மூணு வெள்ளி நாலு வெள்ளின்னு வந்து பெரிய சண்டை. நான் என்ன தப்பு பண்ணேன்?

நீ தப்பா அடிக்கலம்மா, அந்தக் கட்டத்த யாரோ முன்னாடியே சதவீதமா மாத்தி வெச்சிருக்காங்க. அப்டி இருக்கற கட்டத்துல 1.5 அடிச்சா எக்செல் அத 1.5%னு எடுத்துக்கும், புள்ளிக்கு அப்புறம் காட்டாத மாதிரி இருந்தா 2%னு தெரியும், ஆனா உள்ள இருக்கறது 0.015. 800 பேஸிக் ஆளுக்கு 60 மணிக்கு 3.78 வெள்ளி. சண்டை வராம என்ன செய்யும்? அதுல 150 அடி, இல்ல கட்டத்த சாதா நம்பரா மாத்திட்டு 1.5 அடி. நான் சதவீதக் கட்டமே வெக்க மாட்டேன், பார்முலாலயே போட்டுருவேன். B2ல பேஸிக், C2ல ஓட்டி மணி:

```
=ROUND(12*B2/(52*44)*1.5*C2,2)
```

வேலை ஒப்பந்தத்துல வாரத்துக்கு 44க்குக் கம்மியா இருக்கற ஆளுங்க இருந்தா மட்டும் சொல்லு, அது வேற பேச்சு.

தெம்பனீஸ்: இதுக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு? ஓட்டி காசுல 50% கழிச்சா சாதா ரேட் வந்துடுமே. 377ல பாதி 188, அதான் சாதாக் கூலி.

பாதி வழி சரியா வந்துட்டீங்க, கடைசில சறுக்கிட்டீங்க. ஏத்துறப்ப 50% கூலி மேல போட்டது, எறக்கறப்ப நீங்க 50%ஐ ஏத்துன காசு மேல போடுறீங்க. ரெண்டும் வேற வேற தொகை. 1.5ஆல வகுங்க, 251.75 வரும். இதயே வேற மாதிரி சொன்னா, கைக்கு வர்ற ஓட்டி காசுல எக்ஸ்ட்ரா மூணுல ஒரு பங்குதான், 377ல ஏறக்குறைய 126.

லிட்டில் இந்தியா, புதுசா வந்தவர்: ஏஜெண்ட் ஊர்ல சொன்னாரு ஓட்டி செஞ்சா சம்பளம் 50% கூடும்னு. அப்ப 800 எப்பவும் 1200 ஆகுமா அண்ணா?

ஆகலாம், ஆனா ஏஜெண்ட் சொன்ன அர்த்தத்துல இல்ல. 50% கூடறது ஓட்டி செய்ற மணியோட ரேட், உன் மாசச் சம்பளம் இல்ல. மாசத்துக்கு சராசரியா 190 மணி சொச்சம் சாதா வேலை. மேல சொன்ன தம்பி 60 மணி ஓட்டி செஞ்சா சரியாக் குடுத்தா 1177.62 வரும், அதாவது 47% கூடுது. சரியா 50% ஏறணும்னா 63, 64 மணி ஓட்டி செய்யணும். மாசத்துக்கு 72 மணிதான் உச்சம், அதனால இந்த பேஸிக்ல ஏஜெண்ட் 1500 வரும்னு சொன்னார்னா எந்தக் கணக்குல சொன்னார்னு கேட்டு வெச்சுக்க. அலவன்ஸ் இருந்தா அது தனியா வரும், ஓட்டி ரேட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. அதனாலதான் சில எடத்துல பேஸிக்க கம்மியா வெச்சு அலவன்ஸ ஊதிக் காட்டுவாங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பேஸிக் வரிய மட்டும் பாரு.

கட்டுமானம், 4 வருஷமா: காலைல 8 மணிக்கு ஏறுனா சாயங்காலம் 7. மொத்தம் 11 மணி நேரம். 3 மணி ஓட்டி வரணும் ஆனா 2தான் போடுறான். 50% போடுறானா 150% போடுறானான்னு எனக்குக் கவலை இல்ல, மணியவே முழுங்குறான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விடுறாங்களா? விட்டா அது வேலை நேரத்துல சேராது. 11ல ஒண்ணு போச்சு, 10. அதுல 8 சாதா, 2 ஓட்டி. இதுல அவங்க முழுங்கல. ஆனா சாப்பாட்டு நேரத்துலயும் கான்கிரீட் ஊத்துறப்ப நிக்க வெச்சாங்கன்னா அது இடைவேளையே இல்ல, அந்த நாளத் தேதியோட எழுதி வெய்யுங்க.

அதே ஆள்: சரி அப்ப ஞாயித்துக்கெழம? அதுவும் ஒன்றரைதான் போடுறான்.

அங்கதான் உங்களுக்கு நஷ்டம். வார ஓய்வு நாளுக்கு மணிக் கணக்கு இல்ல, நாள் கணக்கு. கம்பெனி கூப்ட்டு நீங்க போயி அன்னிக்குப் பாதி நாளுக்கு மேல செஞ்சா ரெண்டு நாள் சம்பளம். நீங்களா கேட்டுப் போனா ஒரு நாள்தான். யார் கேட்டதுன்னுதான் சண்டை வரும், அதனால சூப்பர்வைசர் வாட்ஸாப்ல "நாளைக்கு வா"ன்னு அனுப்புனத அழிச்சிராதீங்க. அன்னிக்கு வழக்கமான நேரத்த தாண்டுனாதான் அதுக்கு மேல ஒன்றரை ஆரம்பிக்கும்.

ஜோகூர் அண்ணன்: எங்க பக்கம் மலேசியால 44, 52 எல்லாம் கெடயாது தம்பி. 1700 ரிங்கிட்ட 26ஆல வகுத்து 8ஆல வகுப்போம். நீங்க சொல்ற கணக்கு தப்பு.

தப்பு இல்லண்ணே, கடலுக்கு இந்தப் பக்கத்துக் கணக்கு. உங்க முறைல மணிக்கு 8.17, ஒன்றரை மடங்கு 12.26. 50% ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், எதுல 50%ங்கறதுதான் மாறுது. இங்க இருக்கற ஆள் உங்க 26ஐ எடுத்து 800ஐ வகுத்தா மணிக்கு 3.85தான் வரும், அப்பறம் 150%ஐ சரியாப் போட்டாலும் மணிக்கு அம்பது காசுக்கு மேல குறைஞ்சு போயிரும். ஜோகூர்லேர்ந்து வந்து இங்க கிளார்க்கா சேந்தவங்க சில பேர் பழக்கத்துல இப்டிப் போட்டுருவாங்க.

ஆம்பூர்: நாங்க ஷூ பேக்டரி. எங்களுக்கும் 50% எக்ஸ்ட்ராதானே சார்?

இல்ல. இந்தியால தொழிற்சாலைன்னா 1948 சட்டத்துலேர்ந்தே ரெண்டு மடங்கு, அதாவது 100% எக்ஸ்ட்ரா, சீட்டுல 200%. ஒன்றரை குடுத்து பெருசாக் குடுத்த மாதிரி பேசுனா நம்பாதீங்க.

காஸ்ட் அக்கவுண்டண்ட்: 150%ன்னு ஒரே வரில போடச் சொல்றது எனக்கு ஒப்பல. சாதாக் கூலி வேலையோட செலவு, அந்த 50% அவசரத்துக்கான செலவு, ரெண்டையும் பிரிச்சுப் போட்டாத்தான் எந்த ப்ராஜெக்ட்ல ஓட்டி வீணாப் போகுதுன்னு தெரியும்.

உங்க கணக்குப் புத்தகத்துல பிரிச்சு வெச்சுக்கங்க சார், அதுல நியாயம் இருக்கு. தொழிலாளி கையில போற சீட்டுல ரெண்டு வரி இருந்தா ஒரு வரி விட்டுப்போறப்ப கண்டுபிடிக்க முடியாது, ஜூரோங் தம்பி கதைய இப்பதான பாத்தோம்.

காஸ்ட் அக்கவுண்டண்ட்: ரெண்டு வரியும் இருந்திருந்தா ஒண்ணு காணாமப் போனது பளிச்சுனு தெரிஞ்சிருக்குமே? உங்க கதை என் பக்கந்தான் பேசுது.

அப்டியும் எடுத்துக்கலாம். எனக்கு இன்னும் ஒரே வரிதான் புடிக்குது.

சேஃப்டி சூப்பர்வைசர், 3300 பேஸிக்: எனக்கு ஓட்டியே இல்லன்னுட்டாங்க, 2600 தாண்டிட்டேனாம்.

2600ங்கறது மேசை வேலைக்காரங்களுக்கு. உடல் உழைப்பு வேலைன்னா 4500 வரைக்கும் உண்டு. சூப்பர்வைசர்னு பேர் இருந்தாலும் பாதிக்கு மேல நேரம் ஆளுங்களோட சேந்து கை வேலையும் செஞ்சா அந்தப் பக்கம் சேரலாம். உங்க நேரம் எப்டிப் போகுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், ரெண்டு வாரம் எழுதிப் பாத்துட்டு வாங்க, பேசுவோம்.

ஜூரோங் தம்பி: அண்ணே ஆபீஸ்ல கேட்டேன். கணக்கு தப்புதான், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னாங்க. விட்டுரலாமா?

ஓட்டி காசு அந்தச் சம்பள மாசம் முடிஞ்சு 14 நாளுக்குள்ள வந்தாகணும், "அடுத்த மாசம்"னு ஒண்ணு கெடயாது. 251.75ன்னு நம்பரோட ஒரு மெசேஜ் அனுப்பி பதில எழுத்துல வாங்கிக்க. முன்னாடி மாச சீட்டுங்களையும் எடுத்து அதே வகுத்தலப் போட்டுப் பாரு, இதே தப்பு அங்கயும் இருந்தா அதையும் சேத்துக் கேளு. வேலைல இருக்கறப்ப ஒரு வருஷம் வரைக்கும் பின்னாடி போய்க் கேக்கலாம், வேலைய விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள புகார் குடுத்துரணும். எத்தன சீட்டு வெச்சிருக்க?