எக்ஸ்டென்ஷன் போர்டு ஒயர் உள்ளே அறுந்தால்: கேள்வி பதில்

கேள்வி: மூணு மீட்டர் ஒயர் உள்ள போர்டு. பிளக் பக்கம் ஒயரை வளைத்துப் பிடித்தால் டேபிள் லேம்ப் எரிகிறது, விட்டால் அணைகிறது. இண்டிகேட்டரும் அதே மாதிரி. ஆனால் டெஸ்டர் வைத்தால் எப்போதும் பேஸ் காட்டுகிறது. பேஸ் வருகிறதே, பிறகு என்ன கோளாறு?

பதில்: நியூட்ரல் அறுந்திருக்கிறது. டெஸ்டர் எரிவதற்குப் பேஸ் ஒன்று வந்தால் போதும், நியூட்ரல் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லவே சொல்லாது. லேம்ப்பைச் சொருகி ஆன் செய்துவிட்டுப் பக்கத்து சாக்கெட்டின் நியூட்ரல் ஓட்டையில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், அங்கேயும் எரியும். பேஸ் லேம்ப் வழியாக வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. எதுவும் ஓடாததால் கரண்ட் இல்லை என்று நினைத்து போர்டைத் திறப்பவர்களுக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான். அதனால் சுவிட்சை ஆஃப் செய்தது போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி உங்கள் கண்முன்னே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் நியூட்ரல் பின்னிலும் மறுமுனையை போர்டின் நியூட்ரல் ஓட்டையிலும் கொடுங்கள். சாக்கெட்டுக்குள் மூடி தடுத்தால் போர்டைத் திறந்து ஸ்க்ரூவிலேயே வையுங்கள். இன்னொருவர் பிடித்துக்கொண்டால் வசதி. பிளக்கில் ஆரம்பித்து நான்கைந்து விரல் அகலம் வீதம் ஒயரை வளைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தை வளைக்கும்போது பீப் விட்டுவிட்டு வருகிறதோ அங்கேதான் உடைப்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளக்கின் கழுத்திலேயே இருக்கும். பிளக்கைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுப்பதால் பெரும்பாலும் அங்கேதான் அறும். அதற்கு அடுத்தது போர்டுக்குள் ஒயர் நுழையும் இடம்.

பேஸையும் எர்த்தையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள். பேஸுக்கு மட்டும் போர்டு சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும்.

கேள்வி: இதற்கு மல்டிமீட்டர் எதற்கு? தொடாமலே சத்தம் போடும் டெஸ்டரை ஒயர் மேலே ஓட்டிக்கொண்டு போனால், சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் உடைப்பு. நான் அப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

பதில்: பேஸ் அறுந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. மேலே கேட்டவருக்கு அறுந்தது நியூட்ரல். பேஸ் முழுசாகப் போர்டு வரை போவதால் அந்த டெஸ்டர் கடைசி வரை கத்திக்கொண்டேதான் இருக்கும்.

வளைத்துப் பார்த்தும் இடம் பிடிபடவில்லை என்றால் வேறொரு வழி உண்டு. உங்கள் மல்டிமீட்டரில் கெப்பாசிட்டர் அளக்கும் வசதி இருக்க வேண்டும். இணையாக ஓடும் இரண்டு கோர்களுக்கு இடையே சிறிய கெப்பாசிட்டன்ஸ் இருக்கும், நீளம் கூடக் கூட அதுவும் கூடும். பிளக்கைப் பிடுங்கி, போர்டுக்குள் மூன்று கோரையும் ஸ்க்ரூவிலிருந்து கழற்றிவிடுங்கள். அறுந்த நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பிளக் பக்கத்திலிருந்து ஒருமுறை, போர்டு பக்கத்திலிருந்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். எதையும் இணைக்காதபோதே மீட்டர் கொஞ்சம் காட்டினால் அதைக் கழித்துவிடுங்கள். பிளக் பக்கம் 0.05 நானோபாரட், போர்டு பக்கம் 0.25 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.30. அதில் பிளக் பக்கத்துப் பங்கு ஆறில் ஒன்று. ஒயர் மூன்று மீட்டர் என்றால், பிளக்கிலிருந்து சுமார் அரை மீட்டரில் உடைப்பு. ஒரு சாண் முன்னே பின்னே இருக்கலாம், அதற்குமேல் துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். இழைகள் உள்ளே உரசிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு வராது, பீப் முழுசாக நிற்கும்படி ஒயரை வைத்துவிட்டு அளக்க வேண்டும்.

கேள்வி: முதல் கேள்வி என்னுடையது. பிளக் கழுத்தில்தான் அறுந்திருக்கிறது. ஆனால் பிளக் ஒயரோடு ஒட்டி வார்த்தது, பிரிக்க முடியவில்லை.

பதில்: பிரிக்க வேண்டாம், வெட்டிவிடுங்கள். உடைப்புக்கு அப்பால் ஒரு சாண் விட்டு வெட்டினால் நல்லது. வெட்டிய முனையில் இழைகள் பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டுங்கள், கறுத்த செம்பு ஸ்க்ரூவில் சரியாகப் பிடிக்காது.

அதே ஆம்பியர் உள்ள ஸ்க்ரூ பிளக் ஒன்றை மாட்டுங்கள். எர்த் கோரை மற்ற இரண்டையும்விட ஒரு சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். என்றாவது ஒயர் இழுபட்டுக் கழன்றால் பேஸ் முதலில் போய் எர்த் கடைசியில் போகட்டும். இழைகளை முறுக்கி, ஸ்க்ரூ இறுகும் திசையில் சுற்றுங்கள். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நுனியில் ஈயம் பற்ற வைத்து ஸ்க்ரூவில் இறுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, சில மாதங்களில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும், வேண்டாம். பிளக்கில் உள்ள பிடிப்பான் வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள்ளே இருக்கும் கோர்களை அல்ல. இதைச் செய்யாமல் விட்டால் திரும்பவும் அதே இடத்தில் அறும்.

வெட்டிய பழைய பிளக்கைப் பின்களை மடக்கிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். குழந்தைகள் எடுத்துச் சுவரில் சொருகினால் வெட்டுமுனையில் பேஸ் நிற்கும்.

கேள்வி: நடுவில் அறுந்தால்? மூன்று கோரையும் ஒரே இடத்தில் சேர்க்காமல் முன்னே பின்னே வைத்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் போதும் என்று எங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னார்.

பதில்: முன்னே பின்னே வைக்கச் சொன்னது சரிதான், டேப் நழுவினாலும் பேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொள்ளாது. ஆனால் தரையில் இழுபடுகிற, மிதிபடுகிற ஒயருக்கு முறுக்கிய இணைப்பு தாங்காது. கொஞ்ச நாளில் தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் டேப்பின் பசை இளகும். உடைப்பு ஒரு ஓரமாக இருந்தால் நீளமான துண்டை வைத்துக்கொண்டு குட்டைத் துண்டை விட்டுவிடுங்கள். சரியாக நடுவில் என்றால் புது ஒயர் போடுவதுதான் என் யோசனை.

கேள்வி: என்னுடையது வேறு மாதிரி. மூன்று கோரிலும் பீப் நன்றாக வருகிறது, இண்டிகேட்டர் எரிகிறது, வோல்டேஜும் 230 காட்டுகிறது. அயர்ன் பாக்ஸ் போட்டால் மட்டும் இண்டிகேட்டர் துடிக்கிறது, லேசாகக் கருகல் வாசனை வருகிறது.

பதில்: முதலில் அந்த போர்டில் அயர்ன் பாக்ஸ் போடுவதை நிறுத்துங்கள்.

நீங்கள் செய்த மூன்று சோதனையும் மிகக் கொஞ்சம் கரண்ட்டில் நடப்பவை. 0.75 சதுர மில்லிமீட்டர் கோர் ஒன்றில் 0.2 மில்லிமீட்டர் இழைகள் 24 இருக்கும். இருபத்துமூன்று அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் பீப் வரும், வோல்டேஜ் முழுசாகக் காட்டும். நியான் இண்டிகேட்டர் எடுப்பது ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு, அதற்கு அந்த ஒற்றை இழையே தாராளம். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் கேட்பதோ நான்கு ஆம்பியருக்கு மேல்.

மூன்று மீட்டர் நல்ல ஒயரில் போகவர சேர்த்து ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.15 ஓம். நான்கு ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட்கூட இறங்காது. உங்களிடம் 10 வோல்ட் இறங்கினால் எங்கோ ஒரு புள்ளியில் 40 வாட் சூடு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். சால்டரிங் அயர்ன் ஒன்றை ஒயருக்குள் வைத்த மாதிரி.

வாசனை வரும்வரை காத்திருக்காமல், ஓரிரு நிமிடம் மட்டும் பக்கத்தில் இருந்து அயர்ன் பாக்ஸை ஓட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஒயரைக் கையால் தடவிக்கொண்டு போங்கள். ஒரு இடம் மட்டும் சுட்டால் அங்கே இழைகள் அறுந்திருக்கின்றன. ஒயர் முழுக்க ஒரே மாதிரி இருந்து போர்டில் சுவிட்ச் பக்கம் சுட்டால் குற்றவாளி சுவிட்ச்.

சுவிட்சைப் பார்க்க, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் போர்டைத் திறந்து உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் இடையே ஓம் அளவில் வையுங்கள். பல முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஆனில் ஒவ்வொரு முறையும் மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அதே எண் வர வேண்டும். ஒருமுறை 0.3, அடுத்து 4, அப்புறம் 1 என்று தாவினால் உள்ளே கான்டாக்ட் கருகிவிட்டது. எண் நன்றாக வந்து, பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தாலும் மாற்றிவிடுங்கள், நான் அங்கே மீட்டரை நம்ப மாட்டேன். உரசித் தேய்த்து ஓட்டலாம் என்பார்கள், முலாம் போன கான்டாக்ட் திரும்பக் கருகும்.

கேள்வி: இண்டிகேட்டர் போய்விட்டால் அதன் இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்துவிட்டால் போர்டு ஓடும்தானே?

பதில்: சேர்த்தீர்கள் என்றால் பேஸும் நியூட்ரலும் நேராக முட்டி பியூஸ் போகும். இண்டிகேட்டர் கரண்ட் போகும் வழியில் இல்லை, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே தனியாக நிற்கிறது. அதைக் கழற்றி இரண்டு முனையையும் தனித்தனியாக மூடிவிட்டாலும் போர்டு ஓடும்.

நியானை மல்டிமீட்டரில் சோதிக்க முடியாது. அது எரியத் தொடங்கவே ஏறக்குறைய 60 முதல் 90 வோல்ட் வேண்டும், மீட்டர் தருவது சில வோல்ட்தான். நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே தொடர்பு இல்லை என்று காட்டும். போர்டில் எல்லாம் நன்றாக ஓடி, இண்டிகேட்டர் மட்டும் எரியவில்லை என்றால் அதுதான் போயிருக்கிறது. கண்ணாடி உள்ளே கறுத்திருப்பதும் ஓர் அடையாளம். புதிதாக வாங்கும்போது ரெசிஸ்டர் சேர்ந்ததா என்று பாருங்கள், வெறும் நியானை நேராக இணைத்தால் உடனே வெடிக்கும்.

கேள்வி: போர்டு சுவிட்சை ஆஃப் செய்தாலும் என் எல்இடி இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது.

பதில்: இதற்கு இங்கிருந்தே தீர்ப்பு சொல்ல முடியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சுக்கு வரும் கோர் பிளக்கின் எந்தப் பின்னோடு பீப் அடிக்கிறது என்று முதலில் பாருங்கள். நியூட்ரல் பின்னோடு அடித்தால் போர்டை மாற்றி இணைத்திருக்கிறார்கள், ஆஃபிலும் சாக்கெட்டில் பேஸ் நிற்கும். உடனே மாற்றுங்கள். பேஸ் பின்தான் என்றால், பக்கத்தில் ஓடும் ஒயரிலிருந்து தாவி வரும் துளிக் கரண்ட்டாக இருக்கலாம், எல்இடிக்கு அது போதும். சுவிட்சுக்குள் கரியோ ஈரமோ கசியவிடுவதாகவும் இருக்கலாம். வேறொரு சுவிட்சை மாட்டிப் பார்த்து, அப்படியும் எரிந்தால் சொல்லுங்கள்.

கேள்வி: எர்த் கோரில் மட்டும் பீப் இல்லை. மற்றதெல்லாம் ஓடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. எர்த் அறுந்ததை இண்டிகேட்டரோ சுவிட்சோ காட்டிக்கொடுக்காது. அயர்ன் பாக்ஸின் உடம்பில் கரண்ட் இறங்கும் நாளில் உங்கள் கைதான் காட்டிக்கொடுக்கும். நியூட்ரலுக்குச் சொன்ன அதே வழியில் இடத்தைத் தேடி, வெட்டி மாட்டுங்கள். அதுவரை உலோக உடம்புள்ள எதையும் அந்த போர்டில் சொருகாதீர்கள்.