கல்யாணச் செலவில் யார் பங்கு எவ்வளவு?

பெண்ணின் அண்ணன், சுங்கை சிப்புட்: எங்கள் பக்கம் 150 பேர், மாப்பிள்ளை பக்கம் 450. பாதிப் பாதி என்கிறார்கள். மண்டபம் 5,000 ரிங்கிட், மேடை, மேளம், ஐயர் எல்லாம் 7,000, சாப்பாடு தலைக்கு 20. சரியா அண்ணே?

சரியில்லை தம்பி. சாப்பாட்டைத் தலைக்கணக்கில் பிரியுங்கள்: உங்களுக்கு 3,000, அவர்களுக்கு 9,000. மேடை, மேளம், ஐயர் யார் எத்தனை பேரை அழைத்தாலும் மாறாது, அதனால் வீட்டுக்கு 3,500. மண்டபத்தில்தான் கவனம் வேண்டும். இரு பக்கமும் 150 என்றால் சின்ன மண்டபமே போதும். அதன் வாடகை 3,000 என்று வையுங்கள். அதில் பாதி உங்களுடையது, மேலே போகும் 2,000 அவர்கள் கூட்டத்துக்காக. ஆக நீங்கள் 8,000, அவர்கள் 16,000. பாதிப் பாதி என்றால் 12,000 கொடுத்திருப்பீர்கள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா: நாங்கள் ஆள் அதிகம், மொய்யும் அதிகம். மொத்த மொய்யில் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பிரித்தால் கணக்கே வேண்டாமே?

பாதி சரி. மொய் வரும், ஆனால் அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். உங்கள் தோட்டத்து ஆள் வைத்த 50 ரிங்கிட்டை நாளை அவர் வீட்டு விசேஷத்தில் நீங்கள்தான் வைப்பீர்கள், சம்பந்தி இல்லை. அதனால் வாசலில் இரண்டு மேசை, இரண்டு நோட்டு. இரு வீட்டுக்கும் வேண்டியவர் எந்த மேசையில் வைக்கிறாரோ, அது அந்த வீட்டுடையது. மொய்யை நம்பி முன்பணம் கட்டாதீர்கள், அது கல்யாணத்தன்றுதான் கைக்கு வரும்.

ஒரு அம்மா: எங்கள் வீட்டில் கூரைப்புடவையை மாப்பிள்ளை வீடுதான் எடுத்தது. இதையெல்லாம் கணக்கில் சேர்க்கவே இல்லையே?

நல்லவேளை, சேர்க்கவில்லை அம்மா. தாலி, கூரைப்புடவை, தாய்மாமன் சீர் போன்றவை அவரவர் வழக்கம், பொதுக் கணக்குக்குள் வரக் கூடாது. சிக்கல் நடுவில் இருக்கும் சடங்கில்தான். ஒரு வீட்டுக்கு முதல்நாள் நலங்கு வேண்டும், மற்ற வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை. கேட்ட வீடு கொடுக்கட்டும். இரவு விருந்துக்கு ஆட்டிறைச்சி கேட்டால், சைவச் சாப்பாட்டு விலைக்கு மேல் ஏறுவதும் கேட்டவர் கணக்கு.

பெண்ணின் அண்ணன், மறுபடியும்: அவர்கள் லயம் முழுக்க வாய்ச்சொல்லாக அழைத்திருக்கிறார்கள். 450 என்பதையே நம்ப முடியவில்லை.

அழைப்பிதழை எண்ணினால் ஏமாந்து போவீர்கள், ஒரு அட்டைக்குக் குடும்பமே வேனில் வரும். சமையல்காரரிடம் இறுதி எண்ணிக்கை கொடுக்கும்முன் இரு வீடும் தலைக்கணக்கை எழுதித் தரட்டும். வராமல் போனாலும் எழுதிய வீடு கட்ட வேண்டும், பாத்திரத்தில் சோறு வெந்துவிட்டதே! எண்ணிக்கைக்கு மேல் போன இலைகள் யாருடையவை என்பதை நானும் தீர்த்துப் பார்த்ததில்லை. எழுதிய கணக்கின் விகிதத்தில் பிரிப்பவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் நாலில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். அதற்கு ஒப்புவீர்களா என்பதை அட்டை அடிக்கும்முன் பேசிவிடுங்கள்.