காப்டிக் யோவான் 1:1: ஒரே ‘நெ’, இரண்டு வேலை

கேள்வி: பழைய எகிப்திய மொழியான காப்டிக்கின் சாஹிதிக் கிளைமொழியில் யோவான் 1:1 படிக்கிறேன். ‘நெஃப்ஷோப்’, ‘நெஉநூதெ’ இரண்டுமே ‘நெ’ என்றுதான் தொடங்குகின்றன. ஒன்றை வினை என்கிறார்கள், மற்றதில் ஆர்டிகிள் இருக்கிறது என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் வசனத்தை முழுசாகப் போட்டுவிடுகிறேன். கோடுகள் நான் போட்டவை. பழைய கையெழுத்துப் பிரதிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளியே கிடையாது, அதனால் பிரிக்கிற வேலை நம் தலையில்தான் விழும்.

ஹன் தெ-ஹுஎய்தெ நெ-ஃப்-ஷோப் ன்கி ப்-ஷாஜெ, அவோ ப்-ஷாஜெ நெ-ஃப்-ஷோப் ன்னஹ்ரம் ப்-நூதெ, அவோ நெ-உ-நூதெ பெ ப்-ஷாஜெ. தமிழில் சொன்னால்: தொடக்கத்தில் வார்த்தை இருந்தது, வார்த்தை கடவுளிடம் இருந்தது, வார்த்தை கடவுளாயிருந்தது.

ஆர்டிகிள் சுலபம். ஆண்பாலுக்கு ‘ப்’, பெண்பாலுக்கு ‘த்’, பன்மைக்கு ‘ன்’. ப்-ஷாஜெ என்றால் ‘அந்த வார்த்தை’, ப்-நூதெ ‘கடவுள்’. பெயர்ச்சொல் இரண்டு மெய்யெழுத்தோடு தொடங்கினால் நாக்கு திணறுமே, அப்போது ‘பெ’, ‘தெ’, ‘நெ’ ஆகிவிடும். ‘தொடக்கம்’ என்ற சொல்லுக்கு ‘தெ’ வந்தது இதனால்தான். எழுத்தில் ‘ஹு’ என்று உயிர் போலத் தெரிந்தாலும் வாயில் அது ‘ஹ்வ்’, இரண்டு மெய்.

இப்போது நெ-ஃப்-ஷோப். தமிழில் ‘இருந்தான்’ என்றால் காலமும் ஆளும் சொல்லின் வாலில் இருக்கும். காப்டிக்கில் அவை தலையில் இருக்கும். ‘ஃப்-ஷோப்’ என்றால் ‘அவன் இருக்கிறான்’. அதன் முன்னால் ‘நெ’ வைத்தால் கடந்த காலம்: ‘இருந்தான்’. ‘வார்த்தை’ ஆண்பால் சொல் என்பதால் ‘ஃப்’. யார் இருந்தது என்பதைப் பின்னால் ‘ன்கி’ போட்டுச் சொல்கிறார்கள். ‘அவன் இருந்தான், அதாவது வார்த்தை’ என்கிற மாதிரி. ன்கி வந்தாலே எழுவாய் அடுத்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

குழப்பம் என்னவென்றால், ‘நெஃப்’ என்பதற்கு ‘அவனுடைய’ என்றும் பொருள் உண்டு, உடைமைப் பொருள் பன்மையாக இருந்தால். நெஃப்ஷேரெ, ‘அவனுடைய மகன்கள்’. நெஃப்ஷாஜெ என்று வந்தால் இன்னும் மோசம். ஷாஜெ பெயராகவும் வரும், ‘பேசு’ என்ற வினையாகவும் வரும். அதனால் அது ‘அவனுடைய சொற்கள்’, ‘பேசிக்கொண்டிருந்தான்’ இரண்டுமாக இருக்கலாம். சுற்றியிருக்கும் வாக்கியம்தான் தீர்க்க வேண்டும். நம் வசனத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஷோப் என்பது ‘ஆகு’ என்ற வினையின் நிலைமை வடிவம், ‘ஆகி இருக்கிற’ நிலை. அது பெயர்ச்சொல்லாக வராது, உடைமை முன்னொட்டையும் ஏற்காது. ஆகவே வினைதான்.

நெஉநூதெ-யில் நான் நன்றாக வழுக்கி விழுந்திருக்கிறேன். ‘நெஉ’ என்றால் ‘அவர்களுடைய’, நூதெ என்றால் கடவுள், எனவே ‘அவர்களுடைய கடவுள்கள்’ என்று ஒரு மாலை முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் அது தப்பும் இல்லை. ஆனால் இங்கே ‘அவர்கள்’ யார்? வசனத்தில் அப்படி ஒருவரும் இல்லை. அதோடு பின்னால் வருவது ‘பெ’. இது ஆர்டிகிள் இல்லை, ‘ஆகும்’ என்கிற மாதிரி இணைக்கும் தனிச்சொல், ஒருமை. ‘கடவுள்கள்’ என்றால் அந்த இடத்தில் பன்மை ‘நெ’யைத்தான் பொதுவாக எதிர்பார்ப்போம்.

அப்போ ‘அவர்கள் ... இருந்தார்கள்’ என்ற வினை வடிவமா? அதற்கும் ‘நெஉ’ என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அந்த முன்னொட்டுக்குப் பின்னால் வினையோ இடம் காட்டும் தொடரோ வேண்டும். நூதெ போல வெறும் பெயர்ச்சொல் அங்கே நிற்காது.

மிச்சம் ஒரே வழிதான். ‘நெ’ கடந்த காலம். ‘உ’ என்பது ‘ஒரு’ என்ற ஆர்டிகிளான ‘ஊ’, எகரத்துக்குப் பின்னால் சுருங்கியது. ‘ஊ-நூதெ பெ ப்-ஷாஜெ’ என்ற பெயர்ப் பயனிலை வாக்கியத்தின் முன்னால் ‘நெ’ ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் இன்னொரு காப்டிக் கிளைமொழியான போஹைரிக்கின் மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள். அங்கே சுருக்காமல் ‘நெ ஊநூதி பெ பிசாஜி’ என்றே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ‘ஊ’ இருப்பதைப் பார்த்துவிட்டு ‘வார்த்தை ஏதோ ஒரு கடவுள்’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இதே யோவானில் 4:24-ல் ‘ஊ-ப்னெவ்மா பெ ப்-நூதெ’ என்று வருகிறது. அதை யாரும் ‘கடவுள் ஏதோ ஒரு ஆவி’ என்று படிப்பதில்லை. ‘கடவுள் ஆவியாயிருக்கிறார்’ என்றுதான் படிக்கிறார்கள். காப்டிக்கில் தன்மையைச் சொல்லும் பயனிலையும் ‘ஊ’ எடுக்கும். 1:1-ல் அது தன்மையா எண்ணிக்கையா என்பதை ஆர்டிகிளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் முந்தின தொடரில் ப்-நூதெ, இங்கே ஊ-நூதெ என்று மொழிபெயர்த்தவர் வேறுபடுத்தியிருப்பது உண்மை. கிரேக்க மூலத்திலும் முதல் இடத்தில் ஆர்டிகிள் இருக்கிறது, இரண்டாவது இடத்தில் இல்லை.