மூச்சடைக்க வைக்காத கடற்கரை

கேள்வி: காரைநகரில எங்கட சின்ன விடுதிக்கு ஆங்கிலத்தில கையேடு இருக்கு. தமிழாக்கினால் ஒரு வசனமும் வாய்க்குள்ள நுழையுதில்லை. எந்தச் சொல்லை விடலாம், எதை விடக்கூடாது?

பதில்: நீங்கள் அனுப்பிய வசனத்தையே எடுப்போம். “அசைந்தாடும் சவுக்கு மரங்களுக்கிடையே கூடுகட்டியிருக்கும் மூச்சடைக்க வைக்கும் பழமையான கசூரினா கடற்கரை, பளிங்குத் தெளிவான நீருடன் கூடிய ஒரு மறைந்த இரத்தினமாகும்.”

மூச்சடைப்பு என்றால் நம் ஆட்களுக்கு இழுப்பு வருத்தம்தான் நினைவுக்கு வரும். மறைந்தது என்றால் காலமானது. “pristine” என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மாசுபடாதது என்று வரவேண்டிய இடத்தில் அகராதியின் முதல் பொருளைப் பிடித்ததால், கடற்கரை “பழமையான”து ஆகிவிட்டது. இதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் அடைமொழி முழுவதும் பெயருக்கு முன்னால் வந்து நிற்பது. எதைப் பற்றிய பேச்சு என்று தெரிய முன்னரே வாசிப்பவர் களைத்துப் போவார்.

முதலில் அடைமொழிகளையெல்லாம் பென்சிலால் வெட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றையும், கண்ணால் பார்க்கக்கூடியதைச் சொல்கிறதா என்று கேளுங்கள். சொன்னால் அதை வினைச்சொல்லாக்கித் தனி வசனமாக எழுதுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இப்படி வரும்: “கசூரினா கடற்கரையில் சவுக்கு மர நிழல் உண்டு. ஆழமும் அலையும் குறைவு. தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் காலடி மணல் தெரியும்.” விடுதியிலிருந்து நடக்க எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்தால், இரத்தினம் செய்யாத வேலையை அது செய்யும்.

ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள். “வரலாற்றுச் சிறப்புமிக்க நல்லூர் கந்தசுவாமி கோவில்” என்பது இங்கே நோட்டீசிலும் பத்திரிகையிலும் ஊறிப்போன வழக்கு. எடுத்துவிட்டால் மரியாதைக் குறைவாகப் படும். கீரிமலைத் தீர்த்தத்தைப் “புனித” என்பதும் அப்படியே. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய அங்கே சனம் போகிறது. ஆகவே அந்தச் சொல் அலங்காரமில்லை, தகவல். ஆனால் அதே “புனித”வை உங்கள் நீச்சல் குளத்துக்குப் போட்டுவிடாதீர்கள். சந்தேகம் வந்தால், ஊர்க்காரர் ஒருவர் அந்த இடத்தை வாயால் சொல்லும்போது அந்தச் சொல்லும் கூட வருகிறதா என்று கவனியுங்கள்.

சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடைத்தரகரிடம் கொடுத்தால், அவருக்கு அடைமொழி என்பது வருமானம், ஒன்றையும் வெட்டமாட்டார். அரைவாசியைத் தான் எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு ஒரு மாணவரைப் பிடித்து எழுதுவிப்பார். பக்கக் கணக்கில் பேசுங்கள். மொழிபெயர்ப்பவரோடு நேரே கதைக்கவும் கேளுங்கள்.

தமிழ் வாசிக்கத் தெரியாதவர் சரிபார்க்கும் இடங்களில் “ஆங்கிலத்தில் ஐந்து வரி, தமிழில் மூன்றுதானே” என்று திருப்பி அனுப்புவார்கள். எத்தனை தரம் சொன்னாலும் விளங்காத கூட்டம் அது. வெட்டிய சொற்களையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். வடிவமைப்பாளர் மிஞ்சிய இடத்தில் தமிழைப் பொடி எழுத்தாக அடைப்பதற்கு முன், அச்சுப்படியை ஒரு தரம் உரக்க வாசியுங்கள். நாக்குத் தடுக்கும் இடத்தில் இன்னுமொரு அடைமொழி இருக்கும்.